வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவருக்குக் காய்ச்சல்: டாக்டர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

(பிள்ளைச்சாவடியில் பொது மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பிள்ளைச்சாவடியில் கடலை நம்பி இருக்கிற வீடுகளும் உண்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற சம்பளத்தை நம்பி இருக்கிற வீடுகளும் உண்டு. ஒருத்தர் சவூதியில் மீன்பிடிப் படகில் இருப்பார். இன்னொருத்தர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பார். இப்போது ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வெல்டராக, டிரைவராக, எலக்ட்ரீஷியனாகப் போகிறார்கள். போனவர் திரும்பி வருகிறார். வந்த சில நாளில் காய்ச்சல். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் காய்ச்சலைப் பற்றி மட்டும்தான்.

ஊரிலேயே இருக்கிறவருக்கு வரும் காய்ச்சலும், விமானத்தில் வந்து இறங்கியவருக்கு வரும் காய்ச்சலும் தெர்மாமீட்டரில் ஒன்றாகத்தான் தெரியும். உடம்பு வலி, தலைவலி, குளிர், வாந்தி எல்லாமே ஒன்றுதான். ஆனால் டாக்டர் யோசிக்கிற வரிசை வேறு. அந்த வரிசை தெரிந்தால், நீங்கள் எந்தத் தகவலை முதலில் சொல்ல வேண்டும், எந்த டெஸ்ட்டை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பது உங்களுக்கே புரியும்.

முதலில் மலேரியா

டாக்டர்கள் நோய்களை "எது அதிகமாக வரும்" என்று மட்டும் வரிசைப்படுத்துவதில்லை. "எதைத் தவறவிட்டால் உயிர் போகும், எதற்கு உடனே மருந்து இருக்கிறது" என்றும் பார்ப்பார்கள். ஐப்பசி மழையில் புதுச்சேரியில் காய்ச்சலோடு வருகிற பத்துப் பேரைப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்றால், அவருக்கு மட்டும் முதல் கேள்வி மலேரியா.

காரணம் இது. மலேரியாவில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று வைவாக்ஸ். படுத்தி எடுக்கும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இன்னொன்று ஃபால்சிபாரம். ஆப்பிரிக்காவில் மிக அதிகமாக இருப்பது இதுதான். இந்தக் கிருமி நுழைந்த சிவப்பணுக்கள் ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய குழாய்கள் அடைபடும். காலையில் எழுந்து காபி குடித்தவர் மறுநாள் காலை நினைவிழந்து கிடப்பது இந்த நோயில் நடக்கிற விஷயம். அதே சமயம் சரியான மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் முழுசாகக் குணமாகிவிடும். ஒரு நாள் முன்பின் என்பது இவ்வளவு வித்தியாசம் செய்கிற காய்ச்சல்கள் அதிகம் இல்லை. அதனால்தான் இதற்கு முதல் இடம்.

மூன்று தேதிகள்

டாக்டர் உங்களிடம் மூன்று தேதிகளைக் கேட்பார். அந்த நாட்டை விட்டுக் கிளம்பியது எப்போது? இந்தியாவில் இறங்கியது எப்போது? முதல் காய்ச்சல் வந்தது எந்தத் தேதி, எத்தனை மணி வாக்கில்? இதெல்லாம் ரிஜிஸ்டரில் எழுத இல்லை. இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்.

ஒவ்வொரு நோய்க்கும் கிருமி உள்ளே போன நாளுக்கும் காய்ச்சல் வரும் நாளுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. டெங்குவுக்கு வழக்கமாக 4 முதல் 10 நாள், அதிகபட்சம் 14 நாள். சிக்குன்குனியாவுக்கு 3 முதல் 7 நாள். டைபாய்டுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதம் வரை. ஃபால்சிபாரம் மலேரியா 7 நாளுக்கு முன் வராது. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். வைவாக்ஸ் ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் தலைகாட்டும்.

இப்போது பாருங்க. ஒருத்தர் வந்து இறங்கி 40 நாள் ஆகிவிட்டது. இப்போதுதான் காய்ச்சல். அது டெங்கு என்றால் வெளிநாட்டு டெங்குவாக இருக்க முடியாது. நம்ம வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்த கொசு கொடுத்ததுதான். இன்னொருத்தர் வந்து 4-ஆம் நாளே காய்ச்சல். அது மலேரியா என்றால் இங்கே கடித்த கொசுவால் வந்திருக்க முடியாது. இப்படித் தேதியை வைத்தே பாதி நோய்களைத் தள்ளி வைக்கலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஒரு உதாரணம்

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். இது ஒரு தனி நபரின் கதை இல்லை. நாங்கள் அடிக்கடி பார்க்கிற விஷயங்களைச் சேர்த்து உங்களுக்குப் புரிவதற்காக நான் கட்டியது.

34 வயது வெல்டர். மொசாம்பிக் நாட்டில் 11 மாதம் வேலை. அக்டோபர் 2 அங்கே விமானம் ஏறி, 3-ஆம் தேதி சென்னையில் இறங்கி, அன்றைக்கே பிள்ளைச்சாவடி வீட்டுக்கு வந்துவிட்டார். 15-ஆம் தேதி மாலை குளிர் எடுத்துக் காய்ச்சல் 102 டிகிரி. மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டார். வியர்த்து இறங்கியது. மறுநாள் மறுபடியும் ஏறியது.

16-ஆம் தேதி பக்கத்து லேபில் தானாகவே போய் "காய்ச்சல் டெஸ்ட்" எடுத்தார். விடால் டெஸ்ட் 1:160 என்று வந்தது. "டைபாய்டு" என்று சொல்லி ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பித்தார்கள். 17-ஆம் தேதி டெங்கு என்.எஸ்.1 டெஸ்ட், நெகட்டிவ். பிளேட்லெட் 68,000. "டெங்குவும் கூட இருக்கலாம், பிளேட்லெட் பாருங்க" என்றார்கள். 18-ஆம் தேதி வாந்தி அதிகமாகி, கண் லேசாக மஞ்சளாகி, காலாப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்.

மூன்று நாள் ஓடிவிட்டது. இரண்டு டெஸ்ட்டும் ஒரு பிளேட்லெட் எண்ணிக்கையும் கையில் இருக்கிறது. ஆனால் "எங்கேயிருந்து வந்தீங்க" என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இங்கே டாக்டர் முதலில் கணக்குப் போட்டார். மொசாம்பிக்கில் கடைசிக் கொசுக்கடி அக்டோபர் 2 என்று வைத்துக்கொண்டாலும் காய்ச்சல் வந்தது 13-ஆம் நாள். ஃபால்சிபாரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. டெங்கு அங்கிருந்து வந்திருந்தால் கடைசி ஓரத்தில் நிற்கிறது. இங்கே வந்தபிறகு தொற்றியிருந்தால் பொருந்தும். டைபாய்டு இரண்டு ஊரிலுமே பொருந்தும், வழியில் சாப்பிட்டதும் கணக்கு. ஆக மூன்றுமே இன்னும் களத்தில் இருக்கின்றன. ஆனால் முதல் இடம் மலேரியாவுக்கு.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "அங்கே இருக்கும்போது மலேரியா மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" அப்போதுதான் வந்தது பதில். செப்டம்பர் நடுவில் அங்கே காய்ச்சல் வந்திருக்கிறது. கேம்பில் கார்டு டெஸ்ட் செய்து மலேரியா என்று 24 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாலு நாலாக ஆறு வேளை, மூன்று நாளில் முடிக்க வேண்டியது. "ரெண்டு வேளை போட்டேன் டாக்டர், ஜுரம் நின்னுடுச்சு. மிச்சத்தை எடுத்து வச்சிட்டேன்." அந்த 16 மாத்திரை இன்னும் பெட்டியில் இருந்தது.

இந்த ஒரு பதிலில் நோயின் பாதைக்கு இரண்டு வழி தெரிகிறது. பழைய மலேரியா முழுசாகச் சாகாமல் திரும்பத் தலைதூக்கியிருக்கலாம். அல்லது கிளம்புவதற்குள் புதிதாக இன்னொரு தொற்று வந்திருக்கலாம். எதுவானாலும் இப்போது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கார்டும் வேண்டும், ஸ்லைடும் வேண்டும்

மலேரியா கார்டு டெஸ்ட் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் 15 முதல் 20 நிமிஷத்தில் பதில் சொல்லும். அது தேடுவது கிருமி விடுகிற ஒரு புரதத்தை. ஃபால்சிபாரத்துக்கான அந்தப் புரதம், கிருமி செத்த பிறகும் சில வாரங்கள் ரத்தத்தில் மிதக்கும். நம்ம வெல்டருக்குச் செப்டம்பரில் மலேரியா வந்திருக்கிறது. அப்போ அக்டோபரில் கார்டு பாசிட்டிவ் என்றால், அது இன்றைய கிருமியா, போன மாதத்து மிச்சமா? கார்டால் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஸ்லைடு. கண்ணாடியில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கிருமியையே கண்ணால் பார்ப்பது. 1880-ல் அல்ஜீரியாவில் லவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், காய்ச்சல் கண்ட ஒரு சிப்பாயின் ரத்தத்தில் முதன்முதலில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். இன்றைக்கும் முடிவான பதில் அதே வழியில்தான் கிடைக்கிறது. எந்த வகைக் கிருமி, நூறு சிவப்பணுவில் எத்தனைக்குள் நுழைந்திருக்கிறது என்பதும் ஸ்லைடில்தான் தெரியும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு அந்த எண் ஒரு அளவுகோல்.

இவருக்கு கார்டு பாசிட்டிவ். ஸ்லைடிலும் ஃபால்சிபாரம், நூறில் ஒன்றரை சிவப்பணு என்ற கணக்கில். சந்தேகம் தீர்ந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. முதல் ஸ்லைடு நெகட்டிவ் என்று வந்தால் மலேரியா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஆரம்பத்தில் கிருமி குறைவாக இருக்கும். பாதி டோஸ் மாத்திரை போட்டவருக்கும் குறைந்து மறைந்திருக்கும். அதனால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று, இரண்டு மூன்று நாளில் மொத்தம் மூன்று ஸ்லைடு பார்ப்பது முறை. மூன்றும் நெகட்டிவ் என்றால்தான் மலேரியாவைக் கீழே இறக்குவோம். "நேத்துதான் எடுத்தோமே, மறுபடியும் ஏன்?" என்று கோபப்படாதீங்க. மறுபடி குத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்போ அந்த விடால் டெஸ்ட்?

விடால் டெஸ்ட் டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்புப் பொருள் முன்பு எப்போதோ வந்த டைபாய்டால் இருக்கலாம், தடுப்பூசியால் இருக்கலாம், வேறு காய்ச்சல் கிளப்பிவிட்டதாகவும் இருக்கலாம். மலேரியா உள்ளவருக்கே விடால் பாசிட்டிவ் வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். நம்ம ஊர்ப்பக்கம் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர் பலருக்கும் ஓரளவு காட்டும். இவருக்கு விடால் எடுத்தது காய்ச்சலின் இரண்டாம் நாள். உண்மையான டைபாய்டில்கூட அந்த எதிர்ப்புப் பொருள் ஏறுவதற்கு ஒரு வாரம் போல ஆகும். இரண்டாம் நாளே ஏறியிருக்கிறது என்றால் அது பழைய கணக்கு என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

டைபாய்டை உறுதி செய்ய நல்ல வழி பிளட் கல்ச்சர். கையில் ரத்தம் எடுத்து, பாட்டிலில் ஊற்றி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். பதில் வர இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆகலாம். டைபாய்டு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பாசிட்டிவாக வரும் என்பது இதன் குறை. ஆனால் வந்தால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். பழைய மருந்தான சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் நாட்டு டைபாய்டுக் கிருமி பெரும்பாலும் மசிவதில்லை. பாகிஸ்தானில் 2016-லிருந்து பரவிய ஒரு வகை, செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் மசியாது. வளைகுடா கேம்புகளில் பல நாட்டவர் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறார்கள். அங்கிருந்து வந்தவருக்கு டைபாய்டு என்றால் எந்த மருந்து என்று கல்ச்சர் இல்லாமல் ஊகிப்பது கஷ்டம்.

கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். நம்ம வெல்டருக்கு ஊசி போட்டுவிட்டார்கள். இனிமேல் கல்ச்சர் நெகட்டிவ் வந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை. முதல் நாள் அவசரத்தில் போட்ட ஊசி, பிறகு உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடுகிறது.

டெங்குவும் பிளேட்லெட்டும்

பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று ஒரு நினைப்பு நம் ஊரில் ஆழமாக ஊறிவிட்டது. மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும், சில சமயம் டெங்குவை விட அதிகமாகவே. எலிக்காய்ச்சலிலும் குறையும், உண்ணிக் காய்ச்சலிலும் குறையும். எது என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

டெங்குவுக்கு என்.எஸ்.1 டெஸ்ட் முதல் ஐந்து நாள் பயன்படும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். டெஸ்ட். என்.எஸ்.1 நெகட்டிவ் என்றாலும் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பு ஒரு தடவை டெங்கு வந்தவருக்கு அது தவறுவது உண்டு.

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இருக்கும்போது அதிகம் இல்லை. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். காய்ச்சல் விட்டும் வயிறு வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல் இருந்தால் அதுதான் அபாயம். அந்த நேரத்தில் டாக்டர் பிளேட்லெட்டை மட்டும் பார்ப்பதில்லை, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதையும் பார்க்கிறார். எந்தக் காய்ச்சல் என்று தெரியாதவரை பாராசிட்டமால் மட்டும் போதும். வலி தாங்கவில்லை என்று டைக்லோஃபெனாக் ஊசியோ ஐப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரையோ வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும்.

மருந்து முடிவானது எப்படி?

நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் ஃபால்சிபாரத்துக்கு அரசுத் திட்டம் கொடுப்பது ஆர்ட்டிசுனேட்டும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினும் சேர்ந்த மாத்திரை. ஆனால் மொசாம்பிக் இருக்கிற பகுதியில் இந்தச் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினுக்குக் கிருமி பெரிதும் பழகிவிட்டது. கிருமி அங்கிருந்து வந்தது, அதனால் மருந்தும் அங்கத்திய கிருமிக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் போன்ற வேறு கூட்டு மருந்து தேவைப்படும். எந்த நாடு என்ற கேள்வி மருந்துச் சீட்டு எழுதும்போதும் வந்து நிற்பது இப்படித்தான்.

இவருக்கு வாந்தியும் மஞ்சள் கண்ணும் இருந்ததால் வீட்டுக்கு அனுப்பவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை உள்ளே தங்காது. முற்றிய மலேரியா என்றால் ஆர்ட்டிசுனேட் ஊசி நரம்பில்: முதலில் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. வாயால் சாப்பிட முடிந்ததும் மூன்று நாள் மாத்திரை முழுசாக. லூமிஃபான்ட்ரின் கொழுப்புச் சத்தோடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். அதனால் பாலோடோ சாப்பாட்டோடோ போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து பாதி வீண். பிறகு கிருமி குறைகிறதா, முழுசாகப் போய்விட்டதா என்று மறுபடி ஸ்லைடு.

கடைசியில் ப்ரைமாக்வின் என்று ஒரே ஒரு வேளை மருந்து. இது நோயாளியின் காய்ச்சலுக்கு இல்லை, தெருவுக்கு. ஃபால்சிபாரம் ரத்தத்தில் ஒரு விதை வடிவத்தை விட்டு வைக்கும். அதனால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கொசு அதை உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும். ப்ரைமாக்வின் அந்த விதையைக் கொல்கிறது. வைவாக்ஸ் என்றால் இதே மருந்து ஈரலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல 14 நாள் போட வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுவை உடைக்கும். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடக் கூடாத மருந்து இது.

தெருவுக்கு ஏன் இவ்வளவு கவலை?

மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு நம்ம கரையோரத்தில் இல்லாமல் போய்விடவில்லை. நோய்தான் குறைந்திருக்கிறது. புதுச்சேரியில் இருக்கிற கொசு ஆராய்ச்சி மையம், அதாவது ஐ.சி.எம்.ஆர். வெக்டார் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர், 1975-ல் தொடங்கியது. இந்தப் பக்கத்துக் கடலோர கிராமங்களில் உப்புத் தண்ணீரிலும் வளரக்கூடிய அனாபிலஸ் சப்பிக்டஸ் என்ற கொசு மலேரியாவைப் பரப்புவதை அங்கத்திய ஆராய்ச்சியாளர்கள் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலங்கையைப் பாருங்க. அங்கே உள்ளூர் மலேரியா கடைசியாகப் பதிவானது 2012-ல். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. 2018 கடைசியில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டுக்கே போகாத ஒருவருக்கு வைவாக்ஸ் மலேரியா. விசாரித்தபோது, வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளிக்கு அதற்கு முன் மலேரியா இருந்தது தெரிந்தது. அவர் உடம்பிலிருந்து உள்ளூர்க் கொசு எடுத்து இவருக்குக் கொடுத்திருக்கிறது. உடனே சுற்றுவட்டாரத்தில் எல்லாரையும் சோதித்து, கொசுவை ஒழித்து, அத்தோடு நிறுத்தினார்கள். அவர்களால் முடிந்தது, நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டதால்.

அதனால் உங்க வீட்டில் ஒருவருக்கு மலேரியா என்றதும் சுகாதாரப் பணியாளர் வந்து அக்கம்பக்கத்தில் காய்ச்சல் உள்ளவர்களின் ரத்தம் எடுத்தால், அதை அவமானமாக நினைக்காதீங்க. கொசு எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

மற்றவை

மலேரியா, டெங்கு, டைபாய்டு மூன்றும் இல்லை என்று ஆனபிறகும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால், டாக்டர் அடுத்த கேள்விகளுக்குப் போவார்.

வளைகுடாவில் ஆட்டுக் கொட்டகையிலோ ஒட்டகப் பண்ணையிலோ வேலை செய்தீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா? புருசெல்லா என்ற கிருமி வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, ராத்திரி வியர்வை கொடுக்கும். இதை டைபாய்டு என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிடுவது நடக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்து 14 நாளுக்குள் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் என்றால் மெர்ஸ் என்ற நோயையும் நினைக்க வேண்டும். ஒட்டகத்தோடு பழகினீர்களா என்று கேட்பது அதற்காகவும்தான்.

வந்தபிறகு சவுக்குத் தோப்பிலோ புதரிலோ நடமாடினீர்களா? அப்போ உண்ணிக் காய்ச்சல். இதற்கு டாக்டர் அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி இருக்கும் இடம் எல்லாம் பார்ப்பார். சிகரெட் சுட்டது போல் வலிக்காத ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால், டெஸ்ட் வருவதற்கு முன்பே மருந்து ஆரம்பித்துவிடலாம். கூச்சப்பட்டுச் சட்டையைக் கழற்றாமல் இருக்காதீங்க. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு வேலை செய்தவருக்குக் கெண்டைக்கால் வலி, சிவந்த கண் இருந்தால் எலிக்காய்ச்சல்.

ஒரு விஷயம் அபூர்வம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஆப்பிரிக்காவில் எபோலா, லஸ்ஸா போன்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல் பரவும் பகுதியிலிருந்து வந்து 21 நாளுக்குள் காய்ச்சல், அங்கே நோயாளியைத் தொட்டோ சாவுக்குப் போயோ இருந்தால், நேராகக் கூட்டத்தில் போய் உட்காராதீங்க. முதலில் 108-க்கு போன் செய்து, எங்கிருந்து வந்தவர் என்று சொல்லுங்க. அவருக்கும்கூட மலேரியா டெஸ்ட் முதல் வரிசையில்தான் இருக்கும்.

உங்கள் போனில் என்ன இருக்க வேண்டும்?

உங்கள் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. காய்ச்சல் வந்த அன்றைக்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்க. வழியில் மாறி ஏறிய ஊரையும், ராத்திரி தங்கிய ஊரையும் குறித்துக்கொள்ளுங்க. கப்பல் வேலை என்றால் கடைசி ஒரு மாதத்தில் நின்ற துறைமுகங்கள். நோட்ஸில் தேதி, நேரம், காய்ச்சல் எத்தனை டிகிரி, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்க. அங்கே போட்ட மாத்திரையின் அட்டையையும் போட்டோ எடுங்க, எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது தெரிகிற மாதிரி. லேப் ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே இடத்தில் வையுங்க. ஆபா எண் உள்ளவர்கள் அதோடு இணைத்துவிடலாம்.

இ-சஞ்சீவனியில் வீடியோ மூலம் டாக்டரிடம் பேசலாம். ஆனால் ஸ்லைடு வீடியோவில் எடுக்க முடியாது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் கொடுக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா டெஸ்ட் இலவசம். போய் உட்கார்ந்ததும் வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், "எனக்கு மூணு நாளா ஜுரம்" என்பது இல்லை. "நான் இந்த நாட்டிலிருந்து இந்தத் தேதியில் வந்தேன், இன்னிக்கு ஜுரம், மலேரியா பாருங்க" என்பதுதான்.

பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, குடித்தது எதுவும் தங்காமல் வாந்தியானாலோ காத்திருக்காதீங்க. ராத்திரியானாலும் 108. ஆம்புலன்ஸில் ஏறியதும் அந்த போட்டோக்களைக் கூட வருகிறவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்க. நோயாளி பேச முடியாத நிலைக்குப் போனாலும், அந்த மூன்று தேதிகளும் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்க.